கேற்றடிக்கு ஒரு விளக்கு

உங்கட அம்மா ஆஸ்பத்திரி வேலையை ஓய்வுபெறும் வரைக்கும் விடாமல் செய்ததற்கு ஒரு நாற்பது வாட்ஸ் பல்ப்தான் காரணம் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு வாசியுங்கள். நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதத்தான் எனக்குத் தெரியும்.

சண்டை நடந்த காலம் அது. கரடியனாற்றில் எங்களுக்கு வீடும் வயலும் இருந்தன. இரண்டையும் விட்டுவிட்டு, உங்கள் இரண்டு பேரையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, வாவிக்கு இந்தப் பக்கம் டவுனுக்கு வந்தோம். வயலில்லாத மனிசன் என்ன வேலை செய்வான்? கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி, சீனி நிறுத்துக் கொடுக்கிற வேலை கிடைத்தது. அதுவும் சாமான் வந்தால்தான் வேலை. பாதை பூட்டினால் சாமான் வராது, எனக்கும் வேலை இல்லை. உங்கட அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் சிற்றூழியராக வேலை கிடைத்ததுதான் எங்களுக்குப் பிடிமானம். மாதம் முடிய நிச்சயமாகக் கைக்கு வருகிற காசு அது ஒன்றுதான்.

நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு உங்களுக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கும். முன்பக்கம் வீட்டுக்காரர் இருந்தார்கள். பின்பக்கம் வரிசையாக மூன்று அறை. ஒன்றில் நாங்கள். அடுத்ததில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற ஒரு அண்ணன். மூன்றாவதில் வீட்டுக்காரர் நெல்மூட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். கேற்றிலிருந்து எங்கள் அறைக்கு வர, வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் இடையில் ஒரு நீட்டு நடை. மேலே தகரம் போட்டிருந்ததால் பகலிலேயே அங்கே மங்கல்தான். பொழுது பட்டால் கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்று. நடுவில் ஒரு பல்ப் ஹோல்டர் தொங்கியது. அதன் வயரை எலி தின்று எப்பவோ முடித்திருந்தது. கேற்றுத் தூணிலும் ஒரு ஹோல்டர் இருந்தது. அதற்குள் குளவி கூடு கட்டியிருந்தது.

கேற்றுக்குப் பூட்டு இல்லை, சங்கிலிதான். சங்கிலியின் கொளுக்கி உள்பக்கம். வெளியில் நிற்கிறவர் குனிந்து, கம்பிக்குள்ளால் கையை விட்டுத் தடவித்தான் கழற்ற வேண்டும். பகலில் அது ஒரு வேலையே இல்லை.

எங்கள் வீட்டுக்கு முன்னால் போகிற சின்ன ஒழுங்கை முடிகிற சந்தியில் ஆமிக்காரருடைய சென்றி இருந்தது. மணல்மூட்டை அடுக்கி, மேலே பனங்குற்றி வைத்த காவலரண். அங்கே நிற்கிறவனுக்கு எங்கள் கேற்றடி நேரே தெரியும். அதாவது பகலில் தெரியும்.

அம்மாவுக்குப் பின்னேர டியூட்டி வந்தால் ஏழு மணிக்குத்தான் முடியும். அவ வீட்டுக்கு வரும்போது ஒழுங்கையில் ஒரு நாய்கூட இருக்காது. ஒருநாள் அப்படித்தான் வந்து, கேற்றடியில் குனிந்து கொளுக்கியைத் தடவிக்கொண்டு நின்றிருக்கிறா. சென்றியில் நின்றவனுக்கு யாரோ ஒரு ஆள் இருட்டில் குனிந்து எதையோ வைக்கிற மாதிரித் தெரிந்திருக்கிறது. சிங்களத்தில் சத்தம் போட்டிருக்கிறான். ரோச் வெளிச்சம் முகத்தில் அடித்திருக்கிறது. அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் துவக்கை லோட் பண்ணுகிற சத்தம். அம்மா இரண்டு கையையும் தூக்கி, "ஹொஸ்பிட்டல், ஹொஸ்பிட்டல்" என்று சொல்லியிருக்கிறா. சாப்பாட்டுப் பெட்டி கீழே விழுந்து உருண்டிருக்கிறது. அவன் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு ரோச்சை அணைத்திருக்கிறான். அம்மா நடையால் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்தா.

அறைக்குள் வந்து தண்ணி குடித்துவிட்டு, உங்களை நித்திரையாக்கிவிட்டுத்தான் என்னிடம் சொன்னா.

"இஞ்ச பாருங்க, என்னால இனி ஏலா. பின்னேர டியூட்டி செய்யமாட்டன் எண்டு சொன்னா வேலையால நிப்பாட்டிருவாங்க. அவங்க நிப்பாட்ட முதல் நானே நிண்டிர்றன்."

"நிண்டு?"

"நிண்டு புள்ளையளோட இரிக்கன். உசிர் இரிந்தா கஞ்சியாவது குடிக்கலாம்."

"வேலையை விட வேணாம் புள்ள. அந்தக் கேற்றடியில வெளிச்சம் இல்லாததுதானே பிரச்சினை? அதைப் போடுவிப்பம்."

"இவர் போடுவிச்சுத் தந்திருவார்" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் கிறுகிப் படுத்தா. நான் அதை மனதில் வைத்துக்கொண்டேன்.

காலையில் முதல் வேலையாக வீட்டுக்கார ஐயாவிடம் போனேன். அவர் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் செய்து ஓய்வுபெற்றவர். வெள்ளைச் சாரம் கட்டி, முன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்து பழைய பேப்பரைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். புதுப் பேப்பர் டவுனுக்கு வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. வாடகையை அவரிடம்தான் கொடுப்போம். நடந்ததைச் சொன்னேன். அவருக்கு உண்மையிலேயே துக்கமாக இருந்தது. நாக்கால் சூள் கொட்டினார்.

"பாவம், தங்கச்சி பயந்திரிப்பா."

"ஓம் ஐயா. நடைக்கு ஒண்டு, கேற்றடிக்கு ஒண்டு. ரெண்டே ரெண்டு பல்ப் போட்டுத் தந்தா காணும்."

"பாப்பம் தம்பி."

இந்தப் "பாப்பம் தம்பி"யை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு கிழமை போனது. திரும்பப் போனேன்.

"மாரி முடியட்டும் தம்பி. மழைக்குள்ள வயர் இழுத்து வயறிங் செய்யிறது ஆபத்து."

மாரி முடிந்தது. திரும்பப் போனேன்.

"வயறிங்காரர் ஒருத்தரும் இப்ப டவுனில இல்ல தம்பி."

"நான் கூட்டிற்று வாறன் ஐயா. பல்பையும் நானே வாங்கித் தாறன்."

"சேச்சே, அதெல்லாம் வேணாம். பாப்பம்."

அதற்குப் பிறகு என் தலைக்கறுப்பைக் கண்டாலே பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் பேப்பர் தலைகீழாக இருந்தது. அவர் கெட்ட மனிசன் இல்லை, அதுதான் எனக்கு விளங்கவில்லை. ஏலாது என்றால் ஏலாது என்று சொல்லலாமே. அதையும் சொல்லமாட்டார்.

அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாதே. அம்மாவுக்குப் பின்னேர டியூட்டி உள்ள நாட்களில் அரிக்கன் லாம்பைக் கொளுத்திக்கொண்டு நான் கேற்றடியில் போய் நின்றேன். மண்ணெண்ணெய் கிடைக்கிறது பெரும்பாடு என்றாலும் நின்றேன். ஒரு ஆம்பிளை லாம்போடு கேற்றடியில் நிற்பது சென்றிக்காரனுக்கு வேறு கணக்கு. ஒருநாள் இரண்டு பேர் நடந்து வந்து, அடையாள அட்டையைக் கேட்டு, "ஏன் இங்க நிக்கிறது?" என்று விசாரித்தார்கள். மனிசி ஆஸ்பத்திரியில் வேலை என்பதைத் தெரிந்த சிங்களத்தில், "நோனா, ஹொஸ்பிட்டல்" என்று சொன்னேன். ஒருவன் சிரித்தான். மற்றவன் சிரிக்கவில்லை. கரடியனாறு என்று அட்டையில் இருந்த விலாசத்தைத் திரும்பவும் வாசித்தான். இயக்கப் போராளிகள் நிற்கிற அந்தப் பக்கத்து விலாசம் ஆமிக்கு அந்த நாளில் நல்ல விலாசம் இல்லை. அட்டையைத் தந்துவிட்டுப் போனார்கள். ஆனால் நான் அங்கே நிற்பது அம்மாவைக் காப்பாற்றுகிற வேலையா, என்னை நானே காட்டிக்கொடுக்கிற வேலையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. லாம்பு பதில் இல்லை. ஆள் நிற்காமல் எரிகிற வெளிச்சம்தான் வேண்டும்.

பக்கத்து அறை அண்ணன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் எப்போதும் கிரீஸ், வாயில் எப்போதும் பகிடி.

"என்ன தம்பி, கேற்றுக்கு இன்னொரு தூண் முளைச்சிரிக்கு எண்டு பாத்தன்."

"பகிடி விடாதீங்க அண்ணன்."

"உனக்குக் கேட்கத் தெரியல்ல. நான் ஒரு வழி சொல்லுறன். ஐயாட்டப் போய், ஆமி வந்து கேற்றடிக்கு லைற் போடச் சொல்லிற்றுப் போறான் எண்டு சொல்லு. பின்னேரத்துக்குள்ள லைற் எரியும்."

அவர் சொன்னது உண்மை. எரியும்தான். அவர்கள் என்னிடம் விசாரித்ததை ஒழுங்கை முழுக்கக் கண்டது, ஒருவரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். அன்றைக்கு முழுக்க அரிசி நிறுத்துக்கொண்டு அதையே யோசித்தேன். பின்னேரம் வந்து அண்ணனிடம் சொன்னேன்.

"அது வேணாம் அண்ணன்."

"ஏன், பொய் எண்டதாலயா?"

"பொய் எண்டதால மட்டுமில்ல. இண்டைக்கு அவங்கட பேரைச் சொல்லி நான் ஐயாவைப் பயப்படுத்தினா, நாளைக்கு அவங்கட பேரைச் சொல்லி ஆரும் என்னைப் பயப்படுத்தலாம். ஒரு வளவுக்குள்ள இரிக்கிற ஆக்கள் நாங்க. இதை எங்கட வாயால பறைஞ்சுதான் முடிக்கோணும்."

"அப்ப நீ தூணாத்தான் நிக்கப்போறாய்" என்றார். ஆனால் மறுகா எனக்கும் சேர்த்துப் பிளேன்ரீ ஊற்றித் தந்தார்.

அன்றிரவு சாப்பிடும்போது அம்மாவிடம் ஐயாவின் சாட்டுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் புறுபுறுத்தேன். அம்மா சோற்றைப் பிசைந்து உங்களுக்குத் தீத்திக்கொண்டே கேட்டா.

"கரடியனாத்தில இரிந்த வீடு ஆர்ட வீடு?"

"நம்மட வீடு."

"நம்மட வீடோ?"

"சரி, உன்ர வீடு. உனக்குச் சீதனமா வந்த வீடு."

"அந்த வீட்டில குசினிச் சுவரை இடிச்சு யன்னல் வைக்கிறதெண்டு என்ர அப்பா நினைச்சா, ஆரிட்டக் கேட்பார்?"

"உன்னட்டத்தான்."

"அப்ப இந்த வீடு ஆர்ட எண்டு நீங்க கேட்டீங்களா?"

நானும் இந்த மண்ணில் பிறந்தவன்தானே. எங்கள் பக்கத்தில் வீடு பொம்பிளைப் பிள்ளைக்கு. மகள் கலியாணம் முடித்ததும் வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டால், தகப்பன் அந்த வீட்டில் மகளுடைய ஆள்தான். ஐயாவின் மனைவி முன்பே காலமாகிவிட்டா. மகள் கலியாணம் முடித்து, கைக்குழந்தையோடு முன்பக்கத்தில் இருந்தா. மருமகன் வெளிநாட்டில், கட்டாரில் வேலை. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், வாடகை வாங்குகிற கை ஐயாவின் கை, அதனால் வீடும் ஐயாவுடையது என்று நினைத்துவிட்டேன். ஊரில் இருந்திருந்தால் இந்தப் பிழையை விட்டிருக்கமாட்டேன். டவுனுக்கு வந்தால் டவுன் நடப்பு வேறாக இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நானும் அம்மாவும் ஒன்றாகப் போனோம். அம்மா வெறுங்கையோடு போகவில்லை. குழந்தைக்கு ஒரு தொப்பி தைத்துக்கொண்டு போனா. ஐயா எங்களைக் கண்டதும் பேப்பரைத் தேடினார். அம்மா அவரைக் கும்பிட்டுவிட்டு நேரே உள்ளே பார்த்துக் கூப்பிட்டா.

"தங்கச்சி, உன்னட்டத்தான் வந்தம்."

மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தா. அம்மா எல்லாவற்றையும் சொன்னா. சென்றிக்காரனையும், ரோச்சையும், கையைத் தூக்கினதையும். மகளுடைய முகம் மாறியது.

"அப்பா என்னட்ட ஒண்டும் சொல்லேல்லையே அக்கா."

எல்லோரும் ஐயாவைப் பார்த்தோம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தார்.

"மகள்ட வீட்டில ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் நான் கேட்டுத்தான் அடிக்கோணும். செலவு வாற விசயத்தை எப்பிடி நான் வாய் விட்டுக் கேட்கிற? உங்களுக்கு இது என்ர வீடில்ல எண்டு சொல்லவும் ஒரு மாதிரி இரிந்திச்சு தம்பி. அதான் பாப்பம், பாப்பம் எண்டு..."

"பேப்பரைப் பாத்தீங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார். எனக்கும் கோபம் போய்விட்டது.

ஆனால் அதோடு முடியவில்லை. மகள் யோசித்துவிட்டுச் சொன்னா, "அக்கா, நடைக்கு வேணுமெண்டா போடலாம். கேற்றடிக்கு வேணாம்."

"ஏன் கா?" என்றா அம்மா.

"ஆம்பிளை எண்டு அப்பா ஒராள்தான். நான் குழந்தையோட இரிக்கன். கேற்றடியில வெளிச்சம் எரிஞ்சா இந்த வீட்டில ஆள் இரிக்கு, வசதி இரிக்கு எண்டு ஒழுங்கையால போறவன் வாறவன் எல்லாருக்கும் தெரியும். இருட்டா இரிந்தா ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டாங்க. வெளிநாட்டுக்காசு வாற வீடு எண்டு வந்து கதவைத் தட்டினா நான் என்ன செய்யிற?"

அவ சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தக் காலத்தில் கதவைத் தட்டுகிறவர்கள் ஒரு வகை ஆட்கள் மட்டும் இல்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். அம்மா என் கையைத் தட்டினா.

"தங்கச்சி, உனக்கு ஆள் இரிக்கிறது தெரிஞ்சா பயம். எனக்கு, நான் ஒரு பொம்பிளை, கையில சாப்பாட்டுப் பெட்டிதான் வெச்சிரிக்கன் எண்டு தெரியாமப் போனாத்தான் பயம். ரெண்டும் பயம்தான். நீ இந்த நடையால எப்பயாவது பொழுது பட்டாப்போல போயிரிக்கியா?"

"நான் ஏன் போறன், எனக்கு முன்கதவு இரிக்கே."

"பொழுது படுகுது. வா கா, கேற் வரைக்கும் ஒருக்காப் போயிற்று வருவம்."

மகள் குழந்தையை ஐயாவிடம் கொடுத்துவிட்டு வந்தா. வீட்டுக்குள்ளால் பின்பக்கம் வந்து, எங்கள் அறை முனையிலிருந்து நடைக்குள் இறங்கினோம். அம்மா முன்னால், மகள் நடுவில், நான் பின்னால். அண்ணன் தன்னுடைய திருத்தவேலை மோட்டார் சைக்கிளைச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார். அதன் கைபிடி மகளுடைய விலாவில் இடித்தது. "ஆ" என்ற சத்தம் வந்தது. அவ நின்றுவிட்டா என்று என் கை அவவுடைய தோளில் முட்டினபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"நிண்டிராத, சுவரைப் பிடிச்சிட்டு வா. நான் ஒவ்வொரு நாளும் இதாலதான் வாறன்" என்று அம்மா இருட்டுக்குள்ளிருந்து சொன்னா.

கேற்றடியில் போய்ச் சேர்ந்ததும் மகள் சந்தியைப் பார்த்தா. சென்றியில் ஒரு பீடி நெருப்பு மட்டும் தெரிந்தது. அவ அதைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"அவனுக்கு நாங்க தெரியிறமா அக்கா?"

"ஆரோ நிக்கிறது தெரியும். ஆரெண்டு தெரியாது."

"வாங்க உள்ள போவம்" என்றா மகள். நடையால் திரும்பி வரும்போது அம்மாவின் சீலைத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தா. விறாந்தைக்கு வந்து தண்ணி குடித்துவிட்டு, "போடுவம். ஆனா நினைச்ச நேரம் நான் அணைக்க ஏலோணும். சுவிச் என்ர பக்கம் இரிக்கோணும்" என்றா.

"அப்ப நான் வாற நேரம் நீ நித்திரையாப் போனா?"

இதற்குப் பதில், முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலிருந்து வந்த வயறிங் காக்காவிடம்தான் இருந்தது. எங்கள் சங்கக்கடைக்கு வயறிங் செய்த முஸ்லிம் அண்ணன் அவர், காக்கா என்றுதான் கூப்பிடுவோம். டவுனுக்கு வந்தால் பகல் வெளிச்சத்தோடு ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்று நினைக்கிற ஆள். அந்தக் காலத்தில் தமிழ் ஆள் காத்தான்குடிக்குப் போகவும், காத்தான்குடி ஆள் டவுனுக்கு வரவும் யோசித்தார்கள். ஆனாலும் நான் கேட்டதும் வந்தார். நடையை அங்கிருந்து இங்கு நடந்து பார்த்தார்.

"ரெண்டு வீட்டுக்கும் ஒரு சுவிச் எண்டா சண்டைதான் வரும். நடைப் பல்புக்கும் கேற்றடிப் பல்புக்கும் சேத்து ரூ வே சுவிச் போடுவம். ஒண்டு தங்கச்சிட விறாந்தையில. ஒண்டு உங்கட அறை முனையில. ரெண்டுக்கும் இடையில ரெண்டு வயர் ஓடும். அங்க போட்டதை இஞ்ச அணைக்கலாம், இஞ்ச அணைச்சதை அங்க போடலாம்."

"அப்ப நான் அணைக்க அவர் போட, நான் அணைக்க அவர் போட..." என்றா மகள்.

"அது வயறிங் பிழையில்ல, மனிசர்ர பிழை. அதுக்கு என்னட்ட சாமான் இல்ல" என்றார் காக்கா.

வீடு வெளிச்சமாகத் தெரியக்கூடாது என்று மகள் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். காக்கா பால்மா வந்த ஒரு வெற்றுத் தகர ரின் கேட்டார். அதன் அடியில் ஓட்டை போட்டு, கேற்றடிப் பல்புக்குத் தொப்பி மாதிரிக் கவிழ்த்தார். வெளிச்சம் மேலேயும் வீட்டுப் பக்கமும் போகாமல், கேற்றடியில் நிற்கிறவருடைய தலையிலும் கையிலும் நிலத்திலும் மட்டும் விழும். மழைக்கும் அதுவே கூரை. தூணில் வயரை நேரே ஹோல்டருக்குள் இறக்காமல், கீழே தொங்கவிட்டுத் திரும்ப மேலே ஏற்றினார். மழைத்தண்ணி வயர் வழியே வந்தாலும் தொங்குகிற இடத்தில் சொட்டிவிடும், ஹோல்டருக்குள் போகாது என்றார்.

ஏணியை எடுக்க முதல் அவர் கேட்டார், "சென்றியில சொன்னீங்களா? நான் தூணில ஏறி நிக்க, ஆரோ என்னத்தையோ கட்டுறான் எண்டு நினைச்சா நான் ஊருக்குப் போய்ச் சேரமாட்டன்."

நான் சந்திக்கு நடந்து போனேன். தெரிந்த சிங்களத்திலும் கையாலும், கேற்றுக்கு லைற் போடுகிறோம் என்று சொன்னேன். அவர்கள் தலையாட்டினார்கள். திரும்பி வரும்போது அண்ணன், "நீ அவங்கட பேரைச் சொல்லமாட்டன் எண்டாய், இப்ப நேர போய்ப் பறையிறாய்" என்றார். "உண்மையச் சொல்லத்தானே போனன்" என்றேன். அவர் தன்னுடைய மோட்டார் சைக்கிளை நடையிலிருந்து உருட்டிக்கொண்டுபோய்ப் பின்வளவில் நிறுத்தினார். ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

செலவு மகளும் நாங்களுமாகப் போட்டோம். அதைப் பற்றி ஒரு பேச்சும் வரவில்லை.

அன்றைக்கு அம்மாவுக்குப் பின்னேர டியூட்டி. பொழுது படுகிற நேரம், நான் எங்கள் பக்கத்துச் சுவிச்சில் கை வைக்கப் போக, எனக்கு முந்தி நடையிலும் கேற்றடியிலும் விளக்கு எரிந்தது. முன் விறாந்தையில் மகளுடைய குரல் கேட்டது: "அப்பா, இனி இது உங்கட வேலை. மறந்திராதீங்க." ஐயா மறக்கவே இல்லை. அந்த வீட்டில் இருந்த காலம் முழுக்க எங்கள் பக்கத்துச் சுவிச்சை நான் தொட்டது குறைவு. கறண்ட் இல்லாத நாட்களில் மனிசன் அரிக்கன் லாம்பைக் கொளுத்திக் கேற்றுத் தூணில் தானே போய்க் கொழுவினார். பேப்பர் வாசிக்கிறதையும் குறைத்துக்கொண்டார்.

அம்மா வருகிற நேரம் நான் நடையின் இந்த முனையில் நின்றேன். கேற்றடிக்குப் போகவில்லை. லாம்பும் எடுக்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் என் காலடியில் நின்றீர்கள். அம்மா வந்து வெளிச்சத்துக்குள் நின்றா. சந்திப் பக்கம் ஒருக்காப் பார்த்தா. ஒரு சத்தமும் வரவில்லை. கம்பிக்குள்ளால் கொளுக்கி இருக்கிற இடத்தைப் பார்த்து, தடவாமல் கழற்றினா. கேற்றைச் சாத்தி, சங்கிலியைத் திரும்பக் கொழுவிவிட்டு, சுவரைப் பிடிக்காமல் நடையின் நடுவால் நடந்து வந்தா.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டா.

"இல்ல, உன்னைப் பாத்திட்டு நிக்கிறம்."

"நாளைக்கும் பின்னேர டியூட்டிதான்" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியை என் கையில் தந்தா.